ஜூமில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையா? கேமராவை விடுங்கள்

"எங்கள் மாதக் கூட்டம் நூலக அரங்கில் நடக்கிறது. நேரில் 60 பேர், ஜூமில் 25 பேர். போன தடவை வெளியூர்க்காரர்கள், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது என்றார்கள். அவர்கள் கேள்வி கேட்டால் அவர்கள் குரலே அவர்களுக்குத் திரும்பக் கேட்டதாம். லைவ் எடுப்பவர் இரண்டு கேமரா, எல்.இ.டி. திரை என்று 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு குறையும் ஒலியில் இருக்கின்றன. அவர் விற்பது படம்.

கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம், பேச்சாளருக்குப் பத்தடி தள்ளி மேசைமேல் இருந்த லேப்டாப்பின் சொந்த மைக். அது பேச்சோடு சுவரில் மோதி வந்த ஒலியையும் மின்விசிறி இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கிறது. அரங்கில் மைக் செட் இருக்கும். எல்லா மைக்கும் வந்து சேரும் குமிழ்ப் பெட்டியான அதன் மிக்ஸரிலிருந்தே ஒலியைக் கம்பி வழியாக எடுக்க வேண்டும். மிக்ஸருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று தேவை. எளிய மாடல் போதும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் நேராகச் செருகித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அந்தத் துளையில் ஒலி உள்ளே போகும் பக்கம் மைக்கின் மெல்லிய சிக்னலுக்கானது. மிக்ஸரின் சிக்னல் அதற்கு மிக அதிகம், குரல் கரகரவென்று உடையும்.

இனி எதிரொலி. தன் குரல் தனக்கே திரும்புகிறது என்று ஒருவர் சொன்னால், கோளாறு பெரும்பாலும் அவரிடம் இல்லை, எதிர்முனையில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது அரங்கு. கனடாவிலிருந்து ஜூமில் ஒருவர் கேள்வி கேட்கிறார், அது அரங்கு ஸ்பீக்கருக்குப் போகிறது, லேப்டாப் மைக் அதைப் பிடித்து மறுபடி ஜூமுக்கே அனுப்புகிறது. மிக்ஸரிலிருந்து கம்பி எடுத்தாலும், கவனிக்காவிட்டால் அந்த மிக்ஸரே இதைச் செய்துவிடும். பாவம், அவரிடம் போய் "ஹெட்போன் போடுங்கள் சார்" என்கிறார்கள்.

தீர்வு மிக்ஸரில் ஒரே ஒரு குமிழ். பேச்சாளர் மைக் 1ஆம் சேனல், பார்வையாளர் மைக் 2, ஜூமிலிருந்து வரும் ஒலி 5 என்று வையுங்கள். இன்டர்ஃபேஸுக்குப் போகும் கம்பியை, அரங்கு ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட்டில் செருகாமல், AUX 1 என்ற தனி வெளியீட்டுத் துளையில் செருகச் சொல்லுங்கள். ஒவ்வொரு சேனலிலும் AUX 1 குமிழ் தனியாக இருக்கும். 1, 2இல் அதைத் திறந்து வையுங்கள். 5இல் முழுக்க மூடுங்கள். ஜூம் குரல் அரங்குக்குக் கேட்கும், ஜூமுக்குத் திரும்பாது. மிக்ஸரிலேயே யு.எஸ்.பி. இருக்கிறதே, தனிப் பெட்டி எதற்கு என்பார் மைக் செட்காரர். சின்ன மிக்ஸர்கள் பலவற்றில் அந்த யு.எஸ்.பி. மெயின் ஒலியை அப்படியே அனுப்பும். எதிரொலியும் கூடவே போகும்.

ஸ்பீக்கர் ஒலி பேச்சாளர் மைக்கிலும் கொஞ்சம் நுழையத்தான் செய்யும். அதை ஜூம் தானே அடக்கிவிடும். ஆனால் ஜூமில் Original Sound என்ற வசதியை இயக்கினால் அந்த அடக்கல் நின்றுபோகலாம். 'குவாலிட்டி கூடும்' என்று அதை இயக்கிவிடும் லைவ்காரர்கள் உண்டு. அது இசைக் கச்சேரிக்கானது.

மிக்ஸரே வேண்டாத இடம் ஒன்று உண்டு: சின்ன அறை, ஒரே மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். அங்கே நடு மேசையில் வைக்கும் கான்ஃபரன்ஸ் ஸ்பீக்கர்ஃபோன் ஒன்றே போதும். தன் ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்று அதற்குத் தெரியும், அதையே மைக்கிலிருந்து கழித்துவிடும். ஆனால் அந்தக் கணக்கு அதன் சொந்த ஸ்பீக்கருக்கு மட்டும்தான். சத்தம் போதவில்லை என்று அறையின் பெரிய ஸ்பீக்கரைக் கூட இணைத்தால் கணக்கு குழம்பும், எதிரொலி வந்துவிடும். பத்துப் பேர் இருந்தும் நீளமான கூடம் என்றால், கடைசி நாற்காலிக்காரர் குரல் அதற்கு எட்டாது. அப்போதும் மிக்ஸர்தான். உங்கள் 60 பேருக்கு இது ஆகவே ஆகாது.

பார்வையாளர் கேள்வி மைக்கில்தான் வர வேண்டும். "எனக்கு மைக் வேண்டாம், சத்தமாகவே பேசுவேன்" என்பவரின் கேள்வி ஜூமுக்குப் போகாது. பேச்சாளர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். அரங்கிலேயே உட்கார்ந்து கைபேசியிலும் ஜூமைத் திறப்பவர் ஒருவர் எங்கும் இருப்பார். அவரால்தான் திடீர் ஊளை வரும். தொடங்குமுன் அறிவித்துவிடுங்கள்.

அரங்க வைஃபையை நம்பாதீர்கள். வாடகை ரசீதில் 'இணைய வசதி உண்டு' என்று அச்சிடுகிறார்கள். பாஸ்வேர்ட் தெரிந்தவர் அன்றைக்கு விடுப்பில் இருப்பார். லேன் கம்பி இல்லையென்றால், அந்த அரங்குக்குள்ளேயே அப்லோட் வேகத்தைப் பார்த்துவிட்டுக் கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்குப் போங்கள். இலவச ஜூம் கணக்கு 40 நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிடும்.

முதல் நாள் ஒத்திகையில் ஒருவர் தன் வீட்டிலிருந்து இணையட்டும். அவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி நிறுத்தட்டும். தன் "மூன்று" அரை விநாடி கழித்து அவர் காதில் விழுந்தால், 5ஆம் சேனலின் குமிழ் இன்னும் திறந்திருக்கிறது. லேப்டாப்பில் 'உம்ம்' என்று ஒரு ஓசை தொடர்ந்து வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஓசை நின்றால் கோளாறு மின்தொடர்பில் இருக்கிறது. லேப்டாப்பையும் மிக்ஸரையும் ஒரே பிளக் போர்டில் மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் முழு பேட்டரியோடு சார்ஜர் இல்லாமல் நடத்துங்கள்.