மோட்டாரை மாற்றுமுன் ஒரு டிரம் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றில் 5 எச்.பி. ஓபன்வெல் நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது. தென்னைக்கு மூன்று மணி நேரத்தில் பாய்ந்த தண்ணீர் இப்போது நான்கு மணி நேரம் எடுக்கிறது. மெக்கானிக் புது மோட்டார் வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், காங்கேயம்

பதில்: கோடையில் நீர்மட்டம் இறங்கினால் நல்ல மோட்டாரும் குறைவாகத்தான் இறைக்கும். ஆகவே மோட்டார் தகட்டில் எத்தனை மீட்டர் இறைக்கும் என்று போட்டிருக்கிறதோ, அதே உயரத்துக்கு இறைக்க வைத்துச் சோதிக்க வேண்டும்.

பல்லடம் பக்கம் நண்பர் கிணற்றில் செய்ததைச் சொல்கிறேன். அவர் மோட்டாரும் 5 எச்.பி.தான், 30 மீட்டருக்கு நொடிக்கு 7 லிட்டர் என்று தகட்டில் இருந்தது. கிணற்று மேட்டில், கேட் வால்வுக்கு முன்னால் பிரஷர் கேஜ் மாட்டினோம். மோட்டார் ஓடும்போதே கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தால், கேஜிலிருந்து தண்ணீர் 18 மீட்டர் கீழே. மீதி 12 மீட்டருக்கு வால்வைத் திருகித் திருகி கேஜை 1.2 கிலோவில் நிறுத்தினோம். ஒரு கிலோ அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குச் சமம்.

பிறகு தண்ணீர் அளவு. 20 லிட்டர் வாளி நான்கே நொடியில் நிறைந்துவிடும். அரை நொடி தவறினாலே கணக்கு கெட்டுவிடும். 200 லிட்டர் டிரம்தான் சரி. வாளியால் அளந்து ஊற்றி 200 லிட்டருக்குக் கோடு போட்டுக்கொண்டோம். கோட்டைத் தொட 40 நொடி ஆனது. நொடிக்கு 5 லிட்டர். தகட்டுக் கணக்குப்படி 29 நொடி போதும்.

இலவச மின்சாரம் என்பதால் பலரும் மின் அளவைப் பார்ப்பதில்லை. எலக்ட்ரீஷியன் மூன்று முனையிலும் மின் சக்தி காட்டும் டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்தார்: 4.7 கிலோவாட். ஆம்பியரை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்; சுமை குறைந்தாலும் அது அவ்வளவாக இறங்காது. நொடிக்கு எத்தனை லிட்டரோ அதை மீட்டரால் பெருக்கி 102-ஆல் வகுத்தால் தண்ணீர் வாங்கிய கிலோவாட் கிடைக்கும்: 5 × 30 ÷ 102 = 1.47. அதாவது மோட்டார் இழுத்த மின்சாரத்தில் 31 சதவீதம். தகட்டில் சொன்னபடி 7 லிட்டர் வந்திருந்தால் இதே மின்சாரத்துக்கு 44 ஆகியிருக்கும்.

மின்சாரம் குறையாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் உள்ளே சுற்றித் திரும்புகிறது, அல்லது குழாயில் ஒழுகுகிறது. மின்சாரமும் சேர்ந்து குறைந்தால் இம்பெல்லரில் அடைப்பு அல்லது சல்லடையில் குப்பை. இரண்டுமே மோட்டாரின் குற்றமல்ல.

அடுத்து வால்வைச் சில நொடிகள் முழுக்க மூடிப் பார்த்தோம். கேஜ் காட்டியதோடு தண்ணீர் வரையுள்ள ஆழத்தைக் கூட்டினால், கடைக்காரர் தந்த அட்டவணையில் இருந்த உச்ச உயரத்தைவிட 5 மீட்டர் குறைவு. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததில் தண்ணீருக்கு மேல் குழாயில் ஒழுக்கு இல்லை. மோட்டாரைத் தூக்கிப் பிரித்தபோது இம்பெல்லர் கழுத்து வளையம் மணல் அரித்து, நடுவே ஒரு தீக்குச்சியைச் செருகும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. நண்பர் வளையத்தையும் இம்பெல்லரையும் மட்டும் மாற்றினார். அதே 1.2 கிலோவில் டிரம் 30 நொடியில் நிறைந்தது.

உங்கள் மெக்கானிக்கிடம் உயரம், தண்ணீர், மின்சாரம் என்ற இந்த மூன்று அளவையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்; புது மோட்டார் பேச்சு அதற்குப் பிறகு.