கெமிஸ்ட் வேலை விளம்பரம்: பத்து நாளில் எதைப் படிப்பது?

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்திருக்கிறேன், ஊர் ஆற்காடு. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. இன்னும் பத்து நாள். விளம்பரத்தில் சிஓடி, பிஓடி, குளோரைடு, குரோமியம், ஜார் டெஸ்ட், ஆர்.ஓ., ஹெச்.பி.எல்.சி., ஷிஃப்ட், பாதுகாப்பு என்று எல்லாம் போட்டிருக்கிறார்கள். எதற்கு அதிக நேரம்?

பதில்:

நான் இதே பக்கம் ஒரு நிலையத்தின் லேபில் இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களிடம் கேள்வி கேட்க என்னையும் உட்கார வைப்பார்கள். விளம்பரத்தைப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வரியும் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘தினமும் சோதித்துப் பதிய வேண்டும்’ என்று முடிந்தால், அது நீங்கள் தனியாகச் செய்யப்போகிற வேலை. ‘உதவ வேண்டும்’ என்றால் பக்கத்தில் வேறொருவர் இருப்பார். ‘தெரிந்திருக்க வேண்டும்’ என்பதற்கு விளக்கம் சொல்லத் தெரிந்தால் போதும். ‘இருந்தால் நல்லது’ என்பது பெரும்பாலும் பழைய விளம்பரத்திலிருந்து ஒட்டியது.

அந்தக் கடைசி வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். தகுதிப் பகுதியில் ஒரு கருவியின் பெயர் இருக்கும், வேலைப் பகுதியில் அதில் போட வேண்டிய சாம்பிளே இருக்காது. கழிவுநீர் நிலையத்தின் தினசரி வேலையில் ஹெச்.பி.எல்.சி.க்கு இடமே இல்லை. கல்லூரியில் அதுதான் நன்றாக வந்தது என்பதற்காக அங்கே இரண்டு நாள் போக்காதீர்கள். உங்கள் விளம்பரத்தில் சிஓடி தினசரி வேலையிலும் ரிப்போர்ட் வரியிலும் வந்தால், இரண்டு இடத்தில் வருவதாலேயே பாதி நேரம் அதற்குத்தான். குளோரைடும் கூடவே வந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

சிஓடி செய்முறையை யாரும் ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள். கணக்கு கொடுப்பார்கள். 10 மி.லி. சாம்பிள், 0.1 நார்மல் ஃபெரஸ் அமோனியம் சல்பேட், பிளாங்க்குக்கு 12.5 மி.லி., சாம்பிளுக்கு 10 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2.5. அதை 0.1-ஆலும் 8000-ஆலும் பெருக்கி 10-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 200 மி.கி. வெளியேற்ற வரம்பு 250, ஆக உள்ளேதான் இருக்கிறது. அடுத்து, ‘ரிஃப்ளக்ஸ் செய்யும்போதே ஃபிளாஸ்க் பச்சையாகிவிட்டால்?’ என்பார்கள். டைகுரோமேட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ரீடிங் செல்லாது, சாம்பிளை நீர்த்துத் திரும்பப் போட வேண்டும்.

அதற்கப்புறம்தான் உண்மையான கேள்வி, குளோரைடு சிஓடி ரீடிங்கை எப்படிக் கெடுக்கும் என்பது. தோலை உப்புப் போட்டுப் பதப்படுத்தி அனுப்புகிறார்கள், ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்குகிறது. டைகுரோமேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். 1 மி.கி. குளோரைடு ஏறக்குறைய 0.23 மி.கி. சிஓடியாகக் கணக்கில் ஏறும். குளோரைடு 5000 இருந்தால், தடுக்காமல் விட்டால், 1100-க்கு மேல் பொய் சிஓடி வரலாம். அதற்குத்தான் மெர்குரிக் சல்பேட், குளோரைடின் எடையைப் போல் பத்து மடங்கு. ஆகவே சாம்பிளின் குளோரைடை முதலில் பார்த்துவிட்டுத்தான் சிஓடிக்குப் போகிறோம். ‘பிஓடி குறைந்திருக்கிறது, சிஓடி மட்டும் ஏறியிருக்கிறது, ஏன்?’ என்றால் நீங்கள் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று இது. இதை உங்கள் வாயால் விளக்கினால், எதிரே இருப்பவர் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்.

குரோமியத்துக்கு ஒரு நாள் போதும். மொத்தத்துக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கும் வரம்பு வேறு (லிட்டருக்கு 2 மி.கி., 0.1 மி.கி.), இரண்டாவதை டைபீனைல்கார்பசைடு போட்டு 540 நானோமீட்டரில் பார்ப்பது, அவ்வளவு. ஜார் டெஸ்டுக்கு ஒன்றரை நாள். ஆர்.ஓ. வரி ‘உதவ’ என்று முடிந்தால், மெம்பிரேன் ஏன் அடைக்கிறது என்று மட்டும் படியுங்கள்.

வரி எப்படி முடிகிறது என்று பார்த்து நேரம் பிரிக்கச் சொன்னேனே, அது ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொருந்தாது. ‘பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்’ என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், எல்லா விளம்பரத்திலும் இருக்கும், பார்த்தால் ஒட்டியதுபோலவே இருக்கும். அதோடு ‘சுழற்சி ஷிஃப்ட்’ என்றும் இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு லேபில் நீங்கள் ஒருவர்தான். ‘இன்லெட் பிஎச் 11, என்ன செய்வீர்கள்?’ என்று நானே கேட்டிருக்கிறேன். பிஎச் அப்படி ஏறினால் தோலில் முடி நீக்கும் சுண்ணாம்புக் கழிவு அதிகமாக வந்திருக்கலாம், அதில் சல்பைடு இருக்கும். பிஎச்சைக் குறைக்கிறேன் என்று ஆசிட் ஊற்றினாலோ, அமிலமான குரோம் கழிவைக் கலந்தாலோ ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாடை முதலில் தெரியும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், வாடை நின்றது என்று நம்பி உள்ளே இறங்கிவிடக் கூடாது. ராணிப்பேட்டை சிட்கோவில் 2015-ல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தது இந்த ஊரில் யாருக்கும் மறக்கவில்லை, அதனால் பாதுகாப்புக் கேள்வியைச் சடங்குக்குக் கேட்பதில்லை. முழுசாக ஒரு நாள் இதற்கு ஒதுக்குங்கள். எந்தக் கழிவை எதோடு கலக்கக் கூடாது, யாரிடம் உடனே சொல்ல வேண்டும், வாயு மீட்டர் இல்லாமல் எங்கே இறங்கக் கூடாது என்ற மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு போங்கள்.