வீட்டுச் சர்வர் நின்றுபோனதை வெளியிலிருந்து அறிவது எப்படி?

கேள்வி: வீட்டில் ஒரு சின்ன சர்வர் ஓடுகிறது. அதுவோ இணையமோ நின்றுபோனால் என் கைபேசிக்குத் தகவல் வர வேண்டும். அதே சர்வரில் அப்டைம் கூமா என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவினால் போதுமா?

பதில்:

போதாது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் கண்காணிப்பு, இணைப்பு அறுந்ததைச் சரியாகக் கண்டுபிடித்தாலும், அந்தச் செய்தியை அனுப்ப அதற்கு வழி இருக்காது. தென்காசியில் பெற்றோர் வீட்டில் ஒரு ராஸ்பெரி பையில் குடும்பப் புகைப்படங்களை வைத்திருக்கிறேன். நான் இருப்பது சென்னையில். ஒருமுறை அங்கே இரண்டு நாள் இணையம் இல்லை. அதிலிருந்த அப்டைம் கூமா நிமிடத்துக்கு நிமிடம் அதைப் பதிவு செய்திருந்தது. ஆனால் ஒரு செய்திகூட எனக்கு வரவில்லை.

வெளியிலிருந்து ஒரு சேவை உங்கள் வீட்டைத் தட்டிப் பார்ப்பதும் பல இணைப்புகளில் நடக்காது. ரௌட்டரின் WAN முகவரி, அதாவது இணையத்தின் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அப்போது வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. எனவே திசையைத் திருப்பிவிடுங்கள்: சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே ஒரு முகவரியைத் தொட்டுவிட்டு வரட்டும், அது வராமல் போனால் வெளியே இருப்பவர் உங்களுக்குச் சொல்லட்டும். இதற்கு ரௌட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.

நான் பயன்படுத்துவது healthchecks.io, இதற்கு அதன் இலவசக் கணக்கே போதும். அங்கே ஒரு செக் உருவாக்கினால் தனி முகவரி ஒன்று கிடைக்கும். அதை `crontab -e` வழியாக இப்படிச் சேர்க்க வேண்டும்:

```
*/5 * * * * curl -fsS -m 10 --retry 3 -o /dev/null https://hc-ping.com/your-uuid
```

அந்தத் தளத்தில் Period என்பதை 5 நிமிடம், Grace Time என்பதை 10 நிமிடம் என்று வையுங்கள். 2:12-க்கு இணைப்பு போனால், கடைசியாகத் தொட்டது 2:10. ஆகவே அந்தத் தளத்தில் டெலிகிராமை இணைத்திருந்தால் 2:25-க்கு அதில் செய்தி வரும். பத்து நிமிடம் அதிகம் என்று தோன்றலாம். ஆனால் ரௌட்டர் ஒருமுறை அணைந்து எழவே சில நிமிடம் ஆகும். அதற்கெல்லாம் செய்தி வந்தால், ஒரு வாரத்தில் அதைப் படிக்காமலேயே தள்ளிவிடப் பழகிவிடுவோம்.

இனி, நின்றது எது என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டு ரௌட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி இயங்குதளம் இருப்பதால் அதிலும் இதே போன்ற ஒரு கிரான் வரியை, வேறொரு செக்கின் முகவரியோடு போட்டிருக்கிறேன். ரௌட்டர் சிறிய பேட்டரியில் ஓடுகிறது. சர்வருக்குப் பேட்டரி இல்லை. இரண்டும் மௌனமானால் பெரும்பாலும் இணைப்பு போயிருக்கிறது. மின்வெட்டு நீண்டு பேட்டரியும் தீர்ந்திருந்தால் அப்போதும் இப்படித்தான் தெரியும். ரௌட்டர் பேசிக்கொண்டிருக்க, சர்வர் மட்டும் மௌனமானால் மின்வெட்டோ சர்வரின் கோளாறோதான், அப்பாவிடம் "கரண்ட் இருக்காப்பா?" என்று கேட்டாலே தெரிந்துவிடும். எல்லாம் திரும்பிய பிறகு சர்வரில் `uptime -s` கொடுத்துப் பாருங்கள். அது காட்டும் நேரம் மௌனம் தொடங்கியதற்குப் பிந்தையது என்றால் சர்வர் அணைந்து மீண்டிருக்கிறது. பல நாள் முந்தையது என்றால் சர்வர் ஓடிக்கொண்டேதான் இருந்தது, போனது இணைப்பு மட்டுமே.

இந்த முறையின் எல்லை ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். மேலே உள்ள வரி, இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஒருமுறை எங்கள் யுஎஸ்பி வட்டு கழன்றுபோனது. சர்வர் தவறாமல் வெளியே தொட்டுக்கொண்டே இருந்தது. புதிய புகைப்படங்களோ வெற்று அடைவு வழியாகச் சிறிய எஸ்டி அட்டையில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன, அட்டை நிறையும் வரை எனக்குத் தெரியவில்லை. அதன்பின் அந்த வரியில் `curl` என்ற சொல்லுக்கு முன்னால் இதைச் சேர்த்தேன்:

```
mountpoint -q /mnt/photos &&
```

வட்டு இல்லையென்றால் இப்போது சர்வரும் மௌனமாகிவிடும். உங்களுக்கு முக்கியமானது வட்டு அல்ல, ஒரு வலைச் சேவை என்றால், அந்த இடத்தில் அதன் உள்முகவரியை `curl -fsS` கொண்டு தொட்டுப் பார்க்கும் கட்டளையை வையுங்கள்.

நிறுவி முடித்ததும் ரௌட்டரின் இணையக் கேபிளைக் கழற்றி இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். அந்தச் சோதனையின்போது கைபேசி வீட்டு வைஃபையில் ஒட்டியிருந்தால் செய்தி அதற்கும் வராது. மொபைல் டேட்டாவுக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள்.