ரெண்டுமே கவர்ன்மெண்ட்தானேன்னு ஃபைலை குடுத்துட முடியாது

கேள்வி: நான் அரசு ஆபீஸ்ல கிளார்க். ஜி.ஹெச்ல ஹெச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கறேன். மெடிக்கல் லீவு போட்டப்ப ஆபீஸ்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போட்டு என்ன நோய்னு கேட்டிருக்காங்க, அவங்களும் ஹெச்.ஐ.வி.ன்னு எழுதி அனுப்பிட்டாங்க. இப்ப செக்‌ஷன் பூரா தெரியும். கேட்டா, ரெண்டும் கவர்ன்மெண்ட்தானேங்கறாங்க.

பதில்: அவங்க சொல்றது தப்புங்க. 2017ல வந்த ஹெச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு, அதுல 8வது பிரிவைப் பாருங்க. நம்பிக்கையின் பேர்ல தெரிஞ்சுகிட்ட ஒருத்தரோட ஹெச்.ஐ.வி. விவரத்தை வெளிய சொல்லணும்னா அவரோட சம்மதம் வேணும், அந்த சம்மதம் வாங்குனதை சொல்றவங்க எழுத்துல பதிவு பண்ணி வச்சிருக்கணும். விதிவிலக்கு இருக்கு, உங்களுக்கு வைத்தியம் பாக்கற இன்னொரு டாக்டர், கோர்ட் உத்தரவு, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கத்தோட கண்காணிப்பு வேலை, இந்த மாதிரி. லீவு சாங்ஷன் பண்ற ஆபீஸ் அதுல எங்கயும் இல்ல. அவங்களுக்கு வேண்டியது எத்தனை நாள் ரெஸ்ட், திரும்ப வேலைக்கு ஃபிட்டா இல்லையாங்கறதுதான், அதை நோய் பேரே இல்லாம டாக்டர் எழுதிக் குடுத்திருக்கலாம்.

முதல்ல பேப்பரை கையில எடுங்க. உங்க பர்சனல் ஃபைல்ல இருக்கற அந்த ரெண்டு லெட்டரோட நகல், அது வந்தப்ப தபால் ரிஜிஸ்டர்ல போட்ட என்ட்ரி, யார் யார் கைக்கு போச்சுங்கற குறிப்பு, இதையெல்லாம் ஆர்.டி.ஐ.ல 10 ரூபா கட்டி கேளுங்க, 30 நாள்ல பதில் வரணும். ஆனா மனுல நோய் பேரை எழுதவே எழுதாதீங்க, அந்த லெட்டரோட ந.க. எண்ணும் தேதியும் மட்டும் போட்டு கேட்டா போதும், ஏன்னா அந்த மனுவும் நாலு டேபிள் சுத்தித்தான் வரும். நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க.

அடுத்து ஆஸ்பத்திரி. 20 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற மருத்துவமனையில புகார் அதிகாரி ஒருத்தர் இருக்கணும்னு சட்டம் சொல்லுது, அவர்கிட்ட எழுத்துல குடுத்து அக்னாலட்ஜ்மெண்ட் வாங்கிக்கோங்க. அங்க நடக்கலைன்னா மாநில அரசு நியமிக்கற ஆம்புட்ஸ்மேன்கிட்ட போங்க, மருத்துவ சேவையில நடந்த மீறலும் பாகுபாடும் அவர் விசாரிக்கற விஷயம், 30 நாள்ல உத்தரவு போடணும். அதை மதிக்கலைன்னா 10,000 ரூபா வரைக்கும் அபராதம், அதுக்கப்புறமும் தொடர்ந்தா நாளுக்கு 5,000 வரைக்கும் சேரும்.

ஆபீஸ்ல உங்களை தனியா உக்கார வச்சாலோ, வேலையை விட்டு அனுப்ப பாத்தாலோ அது 3வது பிரிவு மீறல், தனி புகாரா குடுங்க. விஷயம் கோர்ட் வரைக்கும் போனா 34வது பிரிவுல மனு போட்டு உங்க பேருக்கு பதிலா வேற பேர்ல கேஸ் நடத்த கேக்கலாம். வக்கீலை பாக்கற முதல் நாளே அதை சொல்லிடுங்க, பேர் போட்டு ஃபைல் பண்ணினதுக்கு அப்புறம் மறைக்கறது ரொம்ப கஷ்டம்.