படிக்க வைத்தவரிடம் மறுப்புச் சொல்வது

கேள்வி: நிரந்தர வேலையை விட்டுவிட்டு வேறு துறைக்கு மாறுகிறேன். பெரியப்பா பார்க்கும்போதெல்லாம் 'வேண்டாம், தப்பு பண்ற' என்கிறார். என் படிப்புக்குப் பணம் கட்டியவர் அவர். மனம் நோகாமல், ஆனால் உறுதியாக அவரிடம் எப்படிச் சொல்வது?

காரணம் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நானும் கணக்குப் பிரிவில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு வீடியோ எடிட்டிங் பக்கம் வந்தவள். எனக்கு எதிரில் நின்றவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். கல்லூரிக் கட்டணத்தில் பாதி அவர் கட்டியது. எனக்காக முதலில் அவரிடம் பேசியது என் அக்கா. ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"கம்பெனி சின்னதுதான் மாமா, ஆனா சம்பளம் ஒழுங்கா வருது."

"இப்ப வருது. வேலை குறைஞ்சா?"

"ஒரு வருஷத்துக்கு வேலை கையில இருக்காம்."

"சரி, அந்த ஒரு வருஷம் முடிஞ்சா?"

"அவளுக்கு இதுல ஆர்வம் இருக்கு மாமா."

"ஆர்வத்தை லீவு நாள்ல வெச்சுக்கலாமே. வேலையை எதுக்கு விடணும்?"

அக்கா சொன்ன ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அவர் பிடிவாதக்காரர் என்பதால் அல்ல. காரணங்களை வரிசையாக எடுத்து வைத்தால், 'இது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று நாமே அவரிடம் கேட்டதாகத்தான் ஆகிறது. பெரியவர், அனுபவம் உள்ளவர், பார்த்துச் சொல்கிறார். அப்புறம் 'நீங்கள் சொல்ல வேண்டாம்' என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்று அவர் நம்பும் வரை அறிவுரையும் நிற்காது. அதனால் நீங்கள் முதலில் தெரியப்படுத்த வேண்டியது முடிவு எடுத்தாகிவிட்டது என்பதைத்தான். அது சரி என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது அல்ல.

அதை எங்கே, எப்போது சொல்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். நாலு பேர் முன்னால் அவர் பேச்சை எடுத்தால் அங்கே பதில் சொல்லாதீர்கள். பார்வையாளர்கள் இருக்கும்போது அவரால் விட்டுக்கொடுக்க முடியாது. "பெரியப்பா, இதைப் பத்தி உங்ககிட்ட தனியா பேசணும், நாளைக்கு நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் கட்டாயம் கூப்பிடுங்கள். கூப்பிடாமல் விட்டால் தட்டிக்கழித்ததாக ஆகிவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதில் எழுதவே வேண்டாம். எழுத்தில் குரல் கேட்காது, சாதாரண வரிகூட முறைப்பாகத் தெரியும். இந்தப் பேச்சை நீங்களே தொடங்குவது இன்னும் நல்லது. அவர் கேட்டு நீங்கள் சொன்னால் அது தற்காப்பு. நீங்களாகப் போய்ச் சொன்னால் அவரை மதித்துத் தகவல் தெரிவித்ததாக இருக்கும்.

நான் மாமாவிடம் சொன்னது ஏறக்குறைய இதுதான்: "மாமா, நான் நாளைக்குக் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் நீங்க சொல்றீங்க, அது எனக்குத் தெரியும். நீங்க சொன்னதை எல்லாம் யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசம் புது இடத்துல சேர்றேன். மத்தவங்க மூலமா உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் நானே கூப்பிட்டேன்."

இதில் 'ஆனால்' வரவே இல்லை, கவனியுங்கள். அவருடைய அக்கறையைச் சொன்ன வாக்கியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. முடிவு அடுத்த வாக்கியமாக வருகிறது. 'உங்க அக்கறை புரியுது, ஆனா' என்று சேர்த்துச் சொன்னால் முதல் பாதி அவர் காதில் ஏறாது. அதேபோல 'பார்க்கலாம்', 'யோசிக்கிறேன்' இரண்டையும் மரியாதைக்காகக்கூடச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் 'யோசிச்சியா?' என்று கேட்க அவருக்கு முழு உரிமை வந்துவிடும்.

படிப்புக்குப் பணம் கட்டியதை இந்தப் பேச்சில் நீங்களாக எடுக்க வேண்டாம். எடுத்தால் அந்த உதவியும் இந்த முடிவும் ஒரே தராசில் ஏறிவிடும். அவரே எடுத்தால், "நீங்க படிக்க வெச்சதை எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டேன் பெரியப்பா" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் எந்த விளக்கமும் வேண்டாம். நன்றியை முழுதாகச் சொல்ல இந்தப் பேச்சே இல்லாத இன்னொரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கடன் உண்மையானது. அவருக்கு ஒரு தேவை வரும்போது முன்னால் போய் நிற்பதுதான் அதற்கான வழி, உங்கள் வேலையை அவர் கையில் கொடுப்பது அல்ல.

ஒரு தடவை சொன்னால் முடிந்துவிடாது. மறுபடி கேட்பார். அப்போது புதிதாக எதையும் சொல்லாதீர்கள். "முடிவு பண்ணிட்டேன் பெரியப்பா" என்ற அதே வார்த்தை, அதே குரல், உடனே அவர் உடம்பைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ உண்மையான அக்கறையோடு ஒரு கேள்வி. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாகச் சொன்னால் நீங்கள் இன்னும் ஊசலாடுவதாகத்தான் அவருக்குத் தோன்றும். மாமா 'ஏன் விட்ட?' என்று கேட்பதை நிறுத்தி, 'அங்க வேலை எப்படிப் போகுது?' என்று கேட்க ஆரம்பித்தபோதுதான் அவர் மனதில் அது முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கேள்வி வந்தால் தாராளமாகப் பதில் சொல்லுங்கள், அலுவலகத்தில் நடப்பதைச் சொல்லுங்கள். அவர் முடிவில் பங்கு கேட்கவில்லை, உங்கள் வாழ்க்கையில் இடம் கேட்கிறார். அதைக் கொடுக்கலாம்.

உங்களிடம் எடுபடவில்லை என்றால் அடுத்த போன் உங்கள் அப்பாவுக்குத்தான் போகும். அவரை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். அப்பா உங்களுக்காக வாதாட வேண்டியதில்லை. வாதாடினால் அது அண்ணன் தம்பி சண்டையாக மாறிவிடும். "அவன்கிட்டயே பேசுங்கண்ணே" என்று அவர் சொன்னால் போதும். மகளாக இருந்தால் 'அவகிட்ட'.

பெரியப்பா சொல்வதில் உருப்படியான தகவல் இருந்தால் அதை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். 'புது வேலைக்கான கடிதம் கையில வாங்காம ராஜினாமா கொடுக்காதே' என்பது அறிவுரை என்றாலும் சரியான அறிவுரை. "இதை நான் கண்டிப்பா பார்த்துக்கறேன்" என்று சொல்லி அப்படியே செய்யுங்கள். செய்ததை அவரிடம் சொல்லவும் செய்யுங்கள். இந்த விஷயத்தில் காது கொடுத்தவர்தான் முடிவில் உறுதியாக இருக்கிறார் என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொன்று நடக்கலாம், அதற்கும் தயாராக இருங்கள். உங்களைக் கேட்காமலே தெரிந்தவரிடம் சொல்லி, வேறொரு நிரந்தர வேலைக்கு உங்கள் விவரங்களை அனுப்பியிருப்பார். அங்கிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருக்காதீர்கள், அவர் வாக்கு கொடுத்த இடத்தில் அவருக்குத் தலைகுனிவு. முதலில் பெரியப்பாவைக் கூப்பிட்டு, "நான் அங்க போகப் போறதில்லை, அவங்ககிட்ட நானே நன்றி சொல்லிப் பேசிடறேன், உங்களுக்குச் சங்கடம் வராது" என்று சொல்லுங்கள். அப்புறம் அந்த மனிதரிடம் அன்றைக்கே, "பெரியப்பா என் மேல இருக்கற அக்கறையில சொல்லியிருக்காங்க, நான் ஏற்கெனவே வேற இடத்துல சேரறேன் சார்" என்று பேசி முடித்துவிடுங்கள்.