தரையில் உட்காரும் சீமந்தத்துக்கு எந்தப் புடவை?

கேள்வி: சித்தூரில் நாத்தனார் மகளுக்குச் சீமந்தம். ஜமக்காளத்தில்தான் உட்கார வேண்டும். காஞ்சிப் பட்டு, ஆர்கன்சா, வெங்கடகிரி காட்டன் மூன்றும் இருக்கின்றன. எதைக் கட்டுவது? பிளவுஸ் எப்படி இருக்கலாம்?
- ஒரு வாசகி, திருத்தணி

பதில்: வெங்கடகிரியையே கட்டுங்கள். காஞ்சிப் பட்டின் கனமான கரை, சம்மணமிட்டால் மடங்காமல் விறைத்து நிற்கும். பன்னீர் தெளித்தால் துளி விழுந்த இடம் கறையாகத் தெரியும். ஆர்கன்சா மடியில் பொம்மென்று உப்பிக்கொள்ளும். வெங்கடகிரியிலும் புதுக் கஞ்சி இருந்தால் அதே தொல்லைதான். முந்தின வாரமே ஒருமுறை தண்ணீரில் அலசி, கஞ்சி போடாமல் இஸ்திரி போட்டுவிடுங்கள்.

உள்ளே உடலைப் பிடிக்கும் ஷேப்வேர் வேண்டாம், முழங்கால் விரியாது. அகலமான பருத்திப் பாவாடையே போதும். முந்தானை முழங்கால் அளவுக்கு இருக்கட்டும். அதில் மிச்சமாகும் துணியைக் கொசுவத்தில் சேர்த்து, ஆறு, ஏழு மடிப்பு வையுங்கள். கொசுவம் குறைந்தால் உட்காரும்போது கரை கெண்டைக்கால் வரை ஏறிவிடும்.

புடவை அவிழ்வது பெரும்பாலும் எழும்போதுதான். ஒரு முழங்காலை ஊன்றும்போது அது கொசுவத்தின் மேல் பதியும். நிமிர்ந்தால் இடுப்பிலிருந்து மடிப்பு உருவிக்கொண்டு வரும். ஊன்றுவதற்கு முன் இடது கையால் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். முந்தானை நுனியையும் முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டே உட்காருங்கள். அதன் மேல் நீங்களோ பக்கத்தில் இருப்பவரோ உட்கார்ந்துவிட்டால், எழும்போது தோள் பின் துணியைக் கிழித்துவிடும்.

பிளவுஸைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் சந்தனம் பூசுவது போல இரு கைகளையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். அடிவிளிம்பு ஒரு விரல் அளவுக்கு மேல் ஏறினால் அக்குள் பகுதி இறுக்கம். தையலுக்குள் துணி விட்டிருந்தால் பக்கத் தையலை அரை அங்குலம் பிரித்துத் தைக்கச் சொல்லலாம். குனிந்து வளையல் போடுவதால் முன்கழுத்தும் ஏற்றமாகவே இருக்கட்டும். தரையில் இருப்பவரை நிற்பவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள் என்பதால் பின்கழுத்திலும் அதே கவனம் வேண்டும். கை முழங்கையோடு நின்றால் போதும், உங்களுக்கும் வளையல் போடுவார்களே.

நிறத்தில் கறுப்பைத் தவிருங்கள். சில வீடுகளில் மசக்கைக்காரிக்கே கறுப்புப் புடவை கட்டுவார்கள். அது அவளுக்கு மட்டும்.

தெலுங்கு வீடாக இருந்தால் வந்த சுமங்கலிகளின் பாதத்தில் மஞ்சள் பூசுவார்கள். அப்போது கரையை நாலு விரல் தூக்கிப் பிடியுங்கள். வெளிர் நிறக் கரையில் அது நன்றாகவே தெரியும். பட்டுவிட்டால் பதறாதீர்கள். சோப்பில் மஞ்சள் சிவந்துபோகும், அதைக் கண்டு பலர் இன்னும் தேய்த்துத் துணியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நன்றாக அலசி அந்த இடத்தை மட்டும் வெயிலில் காட்டுங்கள், பருத்தியில் ஓரிரு நாளில் வெளுத்துவிடும்.