ஸ்பானிஷில் இருநூறுக்கும் பால் உண்டா?

கேள்வி: ஸ்பானிஷில் 200 வீடுகளுக்கு ‘தோஸியெந்தாஸ் காஸாஸ்’, 200 புத்தகங்களுக்கு ‘தோஸியெந்தோஸ் லிப்ரோஸ்’. எண் ஏன் மாறுகிறது? ‘ஊனோ’ ஏன் ‘ஊன்’ ஆகிறது?

ஸ்பானிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். வீடு பெண்பால், புத்தகம் ஆண்பால். அந்தப் பாலுக்கு ஏற்பச் சில எண்களின் விகுதி மாறும். 1, அதில் முடியும் 21, 31 போன்றவை, பிறகு 200 முதல் 900 வரையிலான நூறுகள், அவ்வளவுதான். காரணம் தாய்மொழியான லத்தீனில் இருக்கிறது. அங்கே 200 ஒரு பெயரடை போலப் பாலுக்கேற்ப மாறியது, 100 மாறவில்லை. அதனால்தான் ‘ஸியென் காஸாஸ்’ (100 வீடுகள்) அப்படியே நிற்கிறது.

‘ஊனோ’ குறுகுவது நமக்குப் புதிதல்ல. தனியாக எண்ணும்போது ‘ஒன்று’, பெயருக்கு முன் ‘ஒரு வீடு’ என்கிறோமே, அதேதான். ஆனால் ஸ்பானிஷில் பொதுவாக ஆண்பாலுக்கு முன்னால் மட்டுமே இது குறுகும்: ‘ஊன் லிப்ரோ’, ஆனால் ‘ஊனா காஸா’.

இரண்டும் சேரும் 231-ஐப் பாருங்கள். வீடுகளுக்கு ‘தோஸியெந்தாஸ் த்ரெயிந்தா இ ஊனா காஸாஸ்’. புத்தகங்களுக்கு ‘தோஸியெந்தோஸ் த்ரெயிந்தா இ ஊன் லிப்ரோஸ்’. எண்ணின் தலையும் வாலும் மாறின, நடுவிலுள்ள 30 அசையவில்லை. இரண்டு லட்சம் வீடுகள் என்றாலும் ‘தோஸியெந்தாஸ் மில் காஸாஸ்’தான், ஆயிரத்தைத் தாண்டியும் பால் எட்டுகிறது. ஆனால் மில்லியனிடம் இது செல்லாது. அது தானே ஓர் ஆண்பால் பெயர்ச்சொல் என்பதால் 20 கோடி வீடுகள் ‘தோஸியெந்தோஸ் மில்யோனெஸ் தெ காஸாஸ்’.

‘ஓ’வில் முடிவதால் ‘குவாத்ரோ’வும் (4) பெண்பாலில் ‘குவாத்ரா’ ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, ‘குவாத்ரோ காஸாஸ்’ என்பதே சரி.